வலி நின்ற கடவாய்ப் பல்லும் 20,000 ரூபாய் மதிப்பீடும்

"எனக்கு வயது 43, பெரம்பூரில் இருக்கிறேன். கீழ்வரிசையில் வலது பக்கக் கடவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. போன மாதம் ஐஸ் தண்ணீர் பட்டாலே உயிர் போகும், ராத்திரி தூக்கமே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டேன், வலி நின்றுவிட்டது. இப்போது அழுத்திக் கடித்தால் மட்டும் லேசாகத் தெரிகிறது. பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, வேர் நுனியில் கருப்பாக இருக்கிறது என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: '46 – ரூட் கேனால் ரூ.6,500, அதன்பின் ஃபில்லிங் ரூ.1,500, ஜிர்கோனியா கேப் ரூ.12,000, மொத்தம் ரூ.20,000.' வலியே இல்லாத பல்லுக்கு இவ்வளவு செலவா? 'பிடுங்கிப் போட்டுடு, நான் பிடுங்கிட்டு நல்லாத்தானே இருக்கேன்' என்கிறார் மாமியார். எனக்கு ஊசி என்றாலே நெஞ்சு படபடக்கும். பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறேன். என்ன செய்யட்டும் டாக்டர்?"

– வாசகி, பெரம்பூர்

முதலில் வலி நின்றதைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் மற்ற எல்லாக் கேள்விகளும் அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன.

பல்லுக்குள் நடுவில் ஒரு சிறிய அறை இருக்கிறது. அதற்குள் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த மென்மையான சதை இருக்கும். சொத்தை அந்த அறையை எட்டியதும் சதை வீங்க ஆரம்பிக்கும். சுற்றிலும் கெட்டியான பல் என்பதால் வீங்குவதற்கு இடமில்லை. ஐஸ் தண்ணீர் பட்டு உயிர் போனதும், படுத்தால் வலி ஏறியதும் அந்த நிலை. பிறகு ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். செத்த நரம்பு வலிக்காது, ஐஸ் தண்ணீரும் அதற்குத் தெரியாது. உங்கள் பல்லில் இப்போது அதுதான் நடந்திருக்க வேண்டும். மாத்திரையால் வலி நின்றது என்று உங்களுக்குத் தோன்றியதில் தப்பில்லை, இரண்டும் ஒரே வாரத்தில் நடந்திருக்கின்றன. ஆனால் நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் எங்கும் போகும். ரத்த ஓட்டமே இல்லாத அந்த அறைக்குள் அது போய்ச் சேராது. உள்ளே இருக்கும் கிருமிகள் வேர் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத் தாடை எலும்புக்குள் கசிந்து, அங்கே எலும்பை மெல்லக் கரைக்கின்றன. டாக்டர் காட்டிய கருப்பு அந்தக் கரைந்த இடம்தான். அழுத்திக் கடிக்கும்போது தெரிகிற லேசான வலியும் அங்கிருந்து வருவது.

இதை நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. அடுத்த முறை போகும்போது, "கோல்ட் டெஸ்ட் செய்து காட்டுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்து முதலில் நல்ல பல் ஒன்றில் வைப்பார்கள், சுரீர் என்று தெரிந்து, பஞ்சை எடுத்ததும் போய்விடும். அப்புறம் 46-இல் வைப்பார்கள். (தாளில் எழுதியிருக்கும் 46-இல் 4 என்பது வலது கீழ்ப்பக்கத்தைக் குறிக்கும், 6 என்பது முன்பல்லின் நடுக்கோட்டிலிருந்து ஆறாவது பல்.) அதில் ஒன்றுமே தெரியாவிட்டால் நரம்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்ரேயில் கருப்பும் இருக்கிறது, குளிரும் தெரியவில்லை என்றால், ஃபில்லிங் மட்டும் போட்டு மூடுவதோ இன்னொரு கோர்ஸ் மாத்திரை சாப்பிடுவதோ உங்களுக்கான வழி அல்ல. நரம்புக்கு இன்னும் உயிர் இருந்திருந்தால், மேல்பகுதிச் சதையை மட்டும் எடுத்துவிட்டு மருந்து வைத்து மூடும் பல்பாட்டமி என்ற சிகிச்சை சிலருக்குச் சரிவரும், செலவும் குறையும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனி இருப்பவை இரண்டு வழிகள்தான்: உள்ளே சுத்தம் செய்து பல்லை வைத்துக்கொள்வது, அல்லது பல்லை எடுத்துவிடுவது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ரூட் கேனால் பற்றிக் கேள்விப்படும் பயங்கரக் கதைகளில் பல, நரம்பு உயிரோடு கொதித்துக்கொண்டிருக்கும்போது போய் உட்கார்ந்தவர்களுடையவை. அந்த நிலையில் கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு ஒரு ஊசி போதாமல் போவது உண்மையிலேயே நடக்கும், இரண்டாவது ஊசி தேவைப்படும். நரம்பு செத்த பல்லில் வேலை செய்யும்போது பெரும்பாலும் அந்தப் போராட்டம் இருக்காது.

ஊசி போடுவது பல்லின் பக்கத்தில் அல்ல, வாயின் கடைசியில், தாடை மடங்கும் இடத்துக்கு அருகே. முன்னதாக அந்த இடத்தில் மரத்துப்போகும் ஜெல் தடவி ஒரு நிமிடம் விடச் சொல்லுங்கள். மருந்தை மெதுவாக ஏற்றினால் வலி மிகவும் குறைவு. வேகமாக அழுத்துவதுதான் வலியைக் கூட்டுகிறது. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் கீழ் உதட்டின் வலது பாதி தடித்துப்போனதுபோல் இருக்கும். அப்படி ஆகாமல் யாராவது டிரில்லை எடுத்தால், "இன்னும் மரக்கவில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. இங்கே வழக்கமாகப் போடும் லிக்னோகெயின் மருந்தில் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். மருந்து அந்த இடத்திலேயே நீடித்து நிற்க அது உதவுகிறது. ஊசி போட்ட ஓரிரு நிமிடத்தில் சிலருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை லேசாக நடுங்கும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் அதை மாரடைப்பு என்றே நினைத்துவிடுகிறார்கள். சில நிமிடத்தில் தானே அடங்கிவிடும். பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இந்த அளவு மருந்து பொதுவாகப் பிரச்சினை செய்வதில்லை. ஆனால் நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், அன்று காலை மாத்திரையை விடாதீர்கள், உட்கார்ந்ததும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மிக அதிகமாக இருந்தால் அன்றைக்கு ஒத்திவைப்பார்கள். வெறும் வயிற்றில் போகவே போகாதீர்கள். பயமும் பசியும் சேர்ந்துதான் பலர் நாற்காலியில் மயங்குகிறார்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உட்கார்ந்தபின் நடப்பது இது. பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் தாளை மாட்டி, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி செய்வார்கள். இதன் பெயர் ரப்பர் டேம். எச்சில் உள்ளே போகாது, மருந்து தொண்டைக்கு வராது, சிறிய கருவி தவறி விழுந்தாலும் வயிற்றுக்குள் போகாது. "ரப்பர் டேம் போடுவீர்களா?" என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 6,500 ரூபாய் எங்கே போகிறது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். அடுத்து மேலிருந்து ஒரு சிறு வழி திறப்பார்கள். கீழ் முதல் கடவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர், அவற்றுக்குள் மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் எக்ஸ்ரேயாலும், அபெக்ஸ் லொகேட்டர் என்ற சின்ன மீட்டராலும் அளப்பார்கள். மெல்லிய ஃபைல்களால் உள்ளே சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். கழுவும் வேலைக்குத்தான் நேரம் ஆகும், ஆக வேண்டும். ஃபைல் தொட முடியாத மூலைகளில் கிருமியைக் கொல்வது அந்தக் கரைசல்தான். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன். நான்காவது குழாயைத் தேடாமல் விடுவது, கழுவலைக் குறைப்பது, இவைதான் சில வருடம் கழித்து அதே பல் திரும்ப வலிக்கப் பெரிய காரணங்கள்.

உங்களைப்போல் வேர் நுனியில் கருப்பு இருப்பவர்களுக்குப் பல டாக்டர்கள் முதல் நாள் சுத்தம் செய்து, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து மூடிவிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்துக் குழாய்களை நிரப்புவார்கள். ஒரே உட்காரலில் முடிப்பவர்களும் உண்டு, அதுவும் தவறில்லை. இரண்டு உட்காரல் என்றால் பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும், சாதாரண வலி மாத்திரையில் அடங்கும். ஒரு சிலருக்கு முதல் உட்காரலுக்குப் பிறகு வலி திடீரென்று ஏறி வீங்குவதும் உண்டு. அப்படியானால் காத்திருக்காமல் போன் செய்துவிட்டு மறுநாளே போங்கள்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் பல்லைக் காப்பாற்றலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது வேர் அல்ல, மேலே எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது என்பதுதான். இது மதிப்பீட்டுத் தாளில் எழுதப்படுவதில்லை, நோயாளிகளும் கேட்பதில்லை. கேப்பின் விளிம்பு பிடித்துக்கொள்ள, ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது சொந்தப் பல்லின் உறுதியான சுவர் வேண்டும். ஃபில்லிங்கால் கட்டிய சுவர் அந்தக் கணக்கில் வராது. அந்தப் பிடி இல்லாமல் கேப் போட்டால், ஒன்று கேப் அடிக்கடி கழன்று வரும், அல்லது பல்லே ஈறு மட்டத்தில் முறியும். அப்போது ரூட் கேனால் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் பயனில்லை.

உங்களுடையது பெரிய சொத்தை என்கிறீர்கள். அது பக்கவாட்டில் ஈறுக்குக் கீழே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் ஓரளவுதான் தெரியும், சொத்தையை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் நிச்சயமாகத் தெரியும். அதனால் டாக்டரிடம் இப்படிப் பேசிக்கொள்ளுங்கள்: "முதல் நாள் சொத்தையை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் சுவரைக் கண்ணாடியிலோ போட்டோவிலோ எனக்குக் காட்டுங்கள். கேப் நிற்கும் என்று உங்களுக்குத் தோன்றினால் தொடருங்கள். இல்லை என்றால் அங்கேயே நிறுத்திப் பேசலாம். அந்த நாளுக்கு மட்டும் எவ்வளவு என்று இப்போதே சொல்லிவிடுங்கள்." நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். இப்படிக் கேட்கும் நோயாளியிடம் எனக்கு வேலை செய்வது சுலபமாக இருக்கிறது. சுவர் கொஞ்சம் குறைகிறது என்றால், ஈறையும் எலும்பையும் சற்று இறக்கிப் பல்லை வெளியே எடுத்துக்காட்டும் கிரவுன் லெங்தனிங் என்ற சிறு அறுவை உண்டு. அதற்குத் தனிச் செலவு. அது தேவைப்படுமா என்று இப்போதே கேளுங்கள், பாதியில் தெரியவந்தால் மனம் கசந்துவிடும்.

சுவர் இருக்கிறது, தொடரலாம் என்று வைத்துக்கொள்வோம். ஃபில்லிங்குக்கு எழுதியிருக்கும் 1,500 ரூபாய் நியாயமானது, தவிர்க்கக்கூடாதது. வேர்க்குழாய் நிரப்பிய பிறகு மேலே திறந்த குழியைக் காம்போசிட்டால் இறுக்கமாக மூடும் வேலை அது. தற்காலிக சிமென்ட்டோடு மாதக்கணக்கில் விட்டால் எச்சில் கசிந்து உள்ளே மறுபடி கிருமி சேரும்.

கேப் வேண்டுமா என்றால், வேண்டும். சொத்தையும் மேலே திறந்த வழியும் சேர்ந்து நடுவைக் குடைந்துவிடுவதால், நான்கு பக்கச் சுவர்களும் தனித்தனியாக நிற்கும். முறுக்கு கடித்தாலும் சரி, சாதத்தில் ஒரு கல் அகப்பட்டாலும் சரி, ஒரு சுவர் வேர் வரை பிளந்துவிடலாம். வேர் வரை பிளந்த கடவாய்ப் பல்லுக்குப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ரூட் கேனால் முடித்து, வலி இல்லையே என்று கேப்பைத் தள்ளிப்போட்டு, ஆறு மாதம் கழித்துப் பிளந்த பல்லோடு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அவர்கள் பணத்தையும் செலவழித்தார்கள், பல்லையும் இழந்தார்கள்.

ஆனால் கேப் வேண்டும் என்பதும், 12,000 ரூபாய் கேப்தான் வேண்டும் என்பதும் ஒன்றல்ல. உங்கள் மதிப்பீட்டில் குறைக்க முடிகிற ஒரே வரி இதுதான். கேப் பொதுவாக மூன்று வகையில் கிடைக்கும். முழு உலோகக் கேப் மிகக் குறைந்த விலை, பல்லைக் குறைவாகத்தான் ராவ வேண்டும், எளிதில் உடையாது. சிரித்தால் உலோக நிறம் தெரியலாம், நிக்கல் அலர்ஜி இருப்பவர்களுக்குச் சில உலோகங்கள் ஆகாது. மெட்டல் செராமிக் என்பது உள்ளே உலோகம், வெளியே பல் நிற பீங்கான். நல்ல லேபில் செய்தால் பல வருடம் உழைக்கும், சில சமயம் பீங்கான் மட்டும் ஓரத்தில் உதிரும். முழு ஜிர்கோனியாவில் அந்த உதிர்தல் பிரச்சினை மிகக் குறைவு, நிறமும் பல் போலவே இருக்கும்.

கீழ் ஆறாவது பல், பேசும்போது அவ்வளவாக வெளியே தெரியாது. என் தங்கைக்கு என்றால், கையில் பணம் இருந்தால் ஜிர்கோனியா போடச் சொல்வேன், இல்லையென்றால் மெட்டல் செராமிக் போடச் சொல்லி நிம்மதியாக இருப்பேன். கேப்பின் ஆயுள் எந்தப் பொருள் என்பதைவிட, விளிம்பு பல்லோடு எவ்வளவு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது. மாட்டும்போது நீங்களே பார்க்கலாம்: நாக்கால் தடவினால் விளிம்பில் படி மாதிரி தட்டுப்படக்கூடாது, பக்கத்துப் பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே ஃப்ளாஸ் நூல் கொஞ்சம் இறுக்கமாகப் போய் கிழியாமல் வர வேண்டும், வாய் மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டக்கூடாது. மூன்றும் சரியாக இருந்த பிறகு ஒட்டச் சொல்லுங்கள். ஜிர்கோனியாவுக்கு 10 வருடம், 15 வருடம் என்று ஒரு கார்டு தருவார்கள். அது பெரும்பாலும் கேப் உடைந்தால் மாற்றித் தருவதற்குத்தான். விளிம்புக்குக் கீழே உங்கள் பல் மறுபடி சொத்தையானால் அந்தக் கார்டு உதவாது. கேப் போட்ட பல்லுக்குச் சொத்தை வராது என்று பலர் நம்புகிறார்கள். விளிம்பில் தாராளமாக வரும்.

இனி மாமியார் சொன்ன வழி. அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது: எல்லாப் பல்லையும் எந்த விலை கொடுத்தாவது காப்பாற்ற வேண்டும் என்றில்லை. இதுவே கடைசி ஞானப்பல்லாக இருந்திருந்தால், அல்லது எதிரே மேல் பல் இல்லாத பல்லாக இருந்திருந்தால், நானும் எடுத்துவிடச் சொல்லியிருப்பேன். ஆனால் ஆறாவது பல் மெல்லும் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டால், பின்னால் இருக்கும் ஏழாவது பல் முன்பக்கம் சாயலாம், மேலே எதிரில் இருக்கும் பல் காலியிடத்தை நோக்கி இறங்கலாம், சந்துகளில் உணவு மாட்டும். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடக்காது, சிலருக்குப் பெரிய மாற்றமே இருக்காது. மாமியார் நன்றாக இருப்பது அதனால்தான். உங்களுக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு அந்த இடத்தை நிரப்ப நினைத்தால், சாய்ந்த பல்லும் இறங்கிய பல்லும் வழியை மறிக்கும் என்பதுதான் சிக்கல்.

பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஏரியாவுக்கு ஏரியா, கிளினிக்குக்குக் கிளினிக் விலை மாறும், இவை உத்தேசமான தொகைகள். பல்லை வைத்துக்கொண்டு ஜிர்கோனியா போட்டால் உங்கள் தாளில் உள்ளபடி ரூ.20,000. அதே ரூட் கேனால், அதே ஃபில்லிங், ரூ.5,000-க்கு மெட்டல் செராமிக் என்றால் ரூ.13,000. பிடுங்குவதற்கு ரூ.1,500 என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கு அதுதான் மலிவு. ஆனால் இடத்தை நிரப்ப பிரிட்ஜ் போட்டால் மூன்று கேப் சேர்ந்தது அது, மெட்டல் செராமிக்கிலேயே ரூ.15,000, மொத்தம் ரூ.16,500. அதோடு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு நல்ல பற்களைச் சுற்றிலும் ராவ வேண்டும், எனக்கு அது மனதுக்கு ஒப்பாது. அந்த இரண்டு பற்களிலும் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங் இருந்தால் பிரிட்ஜ் நல்ல வழியாகவும் ஆகலாம். இம்பிளான்ட் என்றால் பக்கத்துப் பற்களைத் தொட வேண்டாம். பிடுங்கிய இடம் ஆறி, ஸ்க்ரூ எலும்போடு பிடித்து, கேப் ஏறப் பல மாதம் ஆகும். கேப்போடு சேர்த்து ரூ.25,000-லிருந்து ரூ.45,000 வரை பல இடங்களில் சொல்கிறார்கள். எலும்பு போதாவிட்டால் அதற்குத் தனியாக. சில ஆயிரத்தில் கழற்றி மாட்டும் செட்டும் உண்டு, ஆனால் ஒரே ஒரு பல்லுக்காக அதை வைத்துக்கொண்டவர்களில் நிறையப் பேர் டப்பாவில் போட்டுவிடுகிறார்கள்.

ஆக, சுவர் உறுதியாக இருந்தால் என் பரிந்துரை ரூட் கேனாலும் கேப்பும்தான். அது முழு உத்தரவாதம் இல்லை. வேர் நுனியில் கருப்பு இருக்கும் பல்லுக்கு வாய்ப்பு சற்றுக் குறைவுதான், இருந்தாலும் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலானவை ஆறிவிடுகின்றன. ஆறாமல் போனால் பின்னால் பிடுங்கி இம்பிளான்ட் வைக்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். இன்றைக்கே பிடுங்கிவிட்டால் திரும்பி வர வழியில்லை. சுவர் இல்லை என்றால் நானே பிடுங்கச் சொல்வேன், ரூட் கேனாலுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

மொத்தத்தையும் ஒரே நாளில் கட்ட வேண்டியதில்லை. எது காத்திருக்காது என்றால், உள்ளே சுத்தம் செய்வது. அதை இந்த வாரமே தொடங்குங்கள். ஃபில்லிங் அதோடு சேர்ந்தது. கேப்பை ஒரு மாதம் வரை தள்ளிப்போடலாம், அதுவரை அந்தப் பக்கம் கெட்டியாக எதையும் கடிக்காமல் இருந்தால். மதிப்பீட்டில் எக்ஸ்ரே, தற்காலிகக் கேப், நடுவில் வலி வந்தால் வரும் கூடுதல் விசிட் எல்லாம் அடங்குமா என்று கேட்டு, அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல கிளினிக்குகளில் ரூட் கேனாலுக்கென்று எம்.டி.எஸ். படித்த எண்டோடான்டிஸ்ட் வாரத்தில் ஓரிரு மாலை வருவார். அவர்தான் செய்வாரா, கட்டணம் அதே தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சாதாரண ஹெல்த் இன்ஷூரன்ஸில் பல் சிகிச்சை பெரும்பாலும் வராது, விபத்தில் அடிபட்டால் தவிர. உங்கள் பாலிசியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

13,000 ரூபாயும் இப்போது கஷ்டம் என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பெரம்பூரிலிருந்து தூரமில்லை. ரூட் கேனாலுக்கென்று தனித் துறையே அங்கே இருக்கிறது. பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வார்கள். கூட்டம் இருக்கும், காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், நாலைந்து முறை வரச் சொல்லலாம். நேரத்தைக் கொடுக்க முடிந்தால் பணத்தை மிச்சப்படுத்தலாம். உங்கள் எக்ஸ்ரேயை முதல் டாக்டரிடமிருந்து போனில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போங்கள்.

அதுவரைக்கும், மெடிக்கல் ஷாப்பில் மறுபடி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். வலித்தால் பாரசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் மற்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து போடாதீர்கள். பல்லுக்கு அருகே ஈறில் சிறு கொப்புளம் கிளம்பி, சீழ் வந்து, தானே அடங்கினால், ஆறுகிறது என்று எண்ண வேண்டாம், உள்ளே இருக்கும் சீழ் வெளியேற வழி கண்டுபிடித்திருக்கிறது என்று அர்த்தம். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால், பல் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் அன்றிரவே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதே பல்லுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து, இப்போதையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பு சிறுத்துக்கொண்டே வந்தால் எலும்பு நிரம்புகிறது. அப்படியே இருந்தாலோ பெரிதானாலோ, வலி இல்லாவிட்டாலும் டாக்டரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.